ஸ்டிக்கரில் 15Ah, உள்ளே 8Ah: எலக்ட்ரிக் சைக்கிள் பேட்டரியில் நான் ஏமாந்த கதை

வீட்டிலிருந்து மில்லுக்கு 17 கிலோமீட்டர். போக வர 34. பழைய சைக்கிளில் ஹப் மோட்டார் மாட்டித் தந்த கடைக்காரர், "36 வோல்ட், 15 ஆம்பியர் அவர் பேட்டரிண்ணே, 50 கிலோமீட்டர் அசால்ட்டா போகும்" என்றார். முதல் நாள் திரும்பி வரும்போது 19-வது கிலோமீட்டரில் படுத்துவிட்டது. மிச்ச 15 கிலோமீட்டரும் அந்தக் கனத்தை மிதித்தே வீடு சேர்ந்தேன்.

கேட்டால், "பெடல் போடாம ஓட்டிருப்பீங்க" என்று பழி என் மேல். பெடல் போடாமல்தான் ஓட்டினேன், ஒத்துக்கொள்கிறேன். அப்படி ஓட்டினால் கிலோமீட்டருக்குச் சுமார் 15 வாட் அவர் செலவாகும். வோல்ட்டை ஆம்பியர் அவரால் பெருக்கினால் வாட் அவர் வந்துவிடும்: 36 × 15 = 540. கடைக்காரர் சொன்ன பேட்டரியே உண்மையாக இருந்தாலும் 36 கிலோமீட்டர்தான் வரும். 50 என்பது அப்போதே பொய். இந்தப் பெருக்கலை வாங்கும் முன் போட்டிருக்க வேண்டும்.

சரி, 36 வராமல் 19 ஏன்? சந்தேகத்தைக் கொடுத்தது சார்ஜர்தான். 2 ஆம்பியர் சார்ஜர். சுத்தமாகத் தீர்ந்த பேட்டரி நாலே மணி நேரத்தில் நிரம்பி பச்சை விளக்கு எரிந்தது. 2 × 4 = 8. நிஜமான 15 என்றால் ஏழரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பேட்டரி ரிப்பேர் செய்யும் தம்பி ஒருவர் நீல உறையைக் கிழித்துக் காட்டினார்: 40 செல், தலைக்கு 2000 மில்லி ஆம்பியர் அவர். பத்து வரிசை, வரிசைக்கு நாலு. பத்து வரிசையும் சேர்ந்து தருவது வோல்ட்; ஆம்பியர் அவருக்கு ஒரு வரிசையின் நாலு செல்தான் கணக்கு, அதே எட்டுதான். 36 × 8 = 288 வாட் அவர், அதனால்தான் 19 கிலோமீட்டர்.

இதைக் கொண்டுபோய்க் காட்டியதும் கடைக்காரர் அடுத்த வலையை விரித்தார்: "48 வோல்ட்டுக்கு மாத்திடுங்க, ரேஞ்ச் கூடும்." அதே 8 ஆம்பியர் அவரில் 48 வோல்ட் என்றால் 384 வாட் அவர். என் 34 கிலோமீட்டருக்கு அதுவும் போதாது. மோட்டார் வேகமாகச் சுற்றும், வேகம் கூடினால் காற்றை எதிர்த்தே கூடுதல் கரண்ட் போய்விடும். அதோடு 48 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 54.6 வோல்ட் காட்டும். மோட்டாருக்குப் போகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் என்னுடைய 36 வோல்ட் கன்ட்ரோலர் அதைத் தாங்காது. கன்ட்ரோலர், சார்ஜர் இரண்டும் புதிதாக வாங்க வேண்டும். அவருக்கு வேண்டியதும் அதுதானே!

எனக்குத் தேவை 34 × 15 = 510. பேட்டரியை அடிவரை உறிஞ்சாமல் 85 சதவீதம்தான் பயன்படுத்துவது என்றால் 600 வாட் அவர். 36 வோல்ட்டில் ஏறக்குறைய 17 ஆம்பியர் அவர். அந்தத் தம்பியிடமே 2600 மில்லி ஆம்பியர் அவர் செல் 70 வைத்துக் கட்டச் சொன்னேன், வரிசைக்கு ஏழு, 18 ஆம்பியர் அவர் வருகிறது. சார்ஜ் ஏற ஒன்பது மணி நேரம், ராத்திரி போட்டுவிடுகிறேன்.

பழைய பேட்டரிக்குப் பணம் வரவில்லை. பில்லை எடுத்துப் பார்த்தேன்: "36V பேட்டரி – 1" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. ஆம்பியர் அவரும் இல்லை, செல் எண்ணிக்கையும் இல்லை.