ரெஸ்யூமேவில் ‘கல்ச்சர் ஃபிட்’: இரண்டு விண்ணப்பங்கள், மூன்று வழிகள்

ராயபுரத்தில் ஒரு சுங்க முகவர் அலுவலகம் ஆவணப் பிரிவுக்கு ஆள் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்குமதிச் சரக்கின் விவரங்களைச் சுங்கத்துறைக்குத் தெரிவிக்கும் பில் ஆஃப் என்ட்ரியைத் தயாரித்து இணையத்தில் தாக்கல் செய்வதுதான் வேலை. பொதுவிதிப்படி, கப்பல் வருவதற்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு 10,000 ரூபாய் கட்டணம். இங்கே ‘நம்மோடு ஒத்துப்போகிறவர் வேண்டும்’, அதாவது கல்ச்சர் ஃபிட் வேண்டும் என்று முதலாளி சொல்வது நியாயமே. எதை வைத்து அதைத் தீர்மானிக்கிறார் என்பதுதான் கேள்வி.

மேசையில் இரண்டு ரெஸ்யூமேக்கள். முதலாமவர் வியாசர்பாடிக்காரர். தமிழ்வழிப் பள்ளி, அரசுக் கல்லூரியில் பி.காம்., மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் இரண்டு ஆண்டு வேலை, பொழுதுபோக்கு குத்துச்சண்டை. அதில் ஒரு வரி: ‘இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் ஒப்பிட்டு, எடை வேறுபாடுகளைச் சரக்கு வெளியேறும் முன் மேலாளருக்கு எழுதித் தெரிவித்தேன்.’ இரண்டாமவர் கீழ்ப்பாக்கம். பெயர்பெற்ற கல்லூரி, இதே துறையில் ஓராண்டு, சரளமான ஆங்கிலம், மலையேற்றம், புகைப்படக்கலை. ‘குழுவாகப் பணிபுரிவதில் ஆர்வம் உண்டு’ என்று முடிகிறது.

முதல் வழி, மனத்துக்குப் பட்டபடி தேர்ந்தெடுப்பது. சீக்கிரம் முடியும், கீழ்ப்பாக்கம் உள்ளே வரும். ஆனால் அப்படித் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் தன்னைப் போன்ற ஒருவரையே தேர்ந்தெடுக்கிறார். அமெரிக்காவின் முன்னணி சட்ட, வங்கி, ஆலோசனை நிறுவனங்களில் ஆள் எடுப்பவர்களை நேர்கண்டு லாரன் ரிவேரா 2012இல் வெளியிட்ட ஆய்வு, பொழுதுபோக்கும் வாழ்க்கைமுறையும் ஒத்திருப்பதே அங்கே ‘பொருத்தம்’ எனப்பட்டதைக் காட்டியது. நம் நாட்டில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சமமான தகுதி இருந்தும் தலித், முஸ்லிம் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு அழைப்பு குறைந்தது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி எழுதுவதில்லை என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. தந்தை பெயர், மதம், சொந்த ஊர், தெருப் பெயர் என்று பயோடேட்டா எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. வியாசர்பாடி என்ற ஒற்றைச் சொல்லோடு குத்துச்சண்டையும் சேர்ந்தால் முரடன் என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வடசென்னையில் அது தலைமுறை தலைமுறையாகப் பயிற்சி எடுத்து ஆடும் விளையாட்டு. இந்த அவசரத் தீர்ப்பு எனக்குக் கோபமூட்டுகிறது.

இரண்டாம் வழி, கல்ச்சர் ஃபிட் என்ற பேச்சையே விட்டுவிட்டுப் படிப்பு, அனுபவம் மட்டும் பார்ப்பது. முதல் வழியை விட எவ்வளவோ மேல். ஆனால் முதலாளியின் மனக்கணக்கு அதனால் மறைவதில்லை. நேர்காணலில் ‘ஏதோ சரிப்படவில்லை’ என்று வேறு பெயரில் வந்து நிற்கும், அப்போது அதைக் கேள்வி கேட்க அளவுகோல் எதுவும் இருக்காது.

நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி: ரெஸ்யூமேக்களைத் திறப்பதற்கு முன்பே, இந்த வேலைக்கு அவசியமான நடத்தைகளை எழுதி வைப்பது. இந்த அலுவலகத்துக்கு மூன்று போதும். பிழையைக் கண்டவுடன் மறைக்காமல் சொல்வது, அடுத்தவர் தொடரும்படி எழுதி ஒப்படைப்பது, சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டச் சொல்லும் வாடிக்கையாளரிடம் முடியாது என்பது. பிறகு ஒவ்வொன்றுக்கும் ரெஸ்யூமேவில் எந்த வகை வரி சான்றாகும் என்று கேட்க வேண்டும். முதல் இரண்டுக்கும், மணலிக் கிடங்கு வேலை பற்றி முதலாமவர் எழுதிய வரி சான்று. ‘குழுவாகப் பணிபுரிவதில் ஆர்வம்’ எதற்கும் சான்றாகாது. மூன்றாவதை எந்த ரெஸ்யூமேவும் காட்டாது. ஆகவே அதற்கு இந்தக் கட்டத்தில் மதிப்பெண்ணே கிடையாது. சான்று இல்லை என்பதற்காக எவரையும் தள்ளவும் கூடாது. நல்ல பழக்கமுள்ள பலருக்கு அதை எழுதத் தெரியாது.

புகைப்படம், தந்தை பெயர், மதம், திருமண நிலை, முகவரி, கல்லூரிப் பெயர், பொழுதுபோக்கு ஆகியவற்றை, மதிப்பிடுபவர் கைக்குப் போகும் முன் வேறொருவர் மறைத்துவிட வேண்டும். கப்பல் வரும் இரவுகளில் தங்க முடியுமா என்பது உண்மையான கவலைதான். அதற்காக முகவரியையோ திருமண நிலையையோ பார்த்து ஊகிக்கக் கூடாது. நேரத்தை விளம்பரத்திலேயே எழுதி, எல்லோரிடமும் ஒரே விதமாக ‘முடியுமா’ என்று கேட்டால் போதும். ஆங்கிலத்தைத் தனித் திறனாக, இன்வாய்ஸைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு மட்டும் சோதிக்கலாம். உச்சரிப்பையும் நடையழகையும் பொருத்தத்தில் சேர்ப்பது, பள்ளிக் கட்டணத்துக்கு மதிப்பெண் போடுவதுதான்.

இப்படிப் பார்த்தால் இருவரும் நேர்காணலுக்கு வருகிறார்கள், வியாசர்பாடிக்காரர் சற்று முன்னால் நிற்கிறார். இருவரிடமும் ஒரே கேள்வி: ‘நாளை கப்பல் வருகிறது. தாக்கல் செய்துவிட்ட பில்லில் எடை தவறு என்று இரவு ஒன்பது மணிக்குத் தெரிகிறது. வாடிக்கையாளர் அப்படியே விடச் சொல்கிறார். என்ன செய்வீர்கள்?’ மேலாளரிடம் உடனே சொல்லித் திருத்தத்துக்கு விண்ணப்பிப்பேன் என்பவருக்கு முழு மதிப்பெண். யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்பவருக்குப் பூஜ்யம். கீழ்ப்பாக்கத்துக்காரர் முதல் பதிலையும் மற்றவர் இரண்டாவதையும் சொன்னால், வேலை கீழ்ப்பாக்கத்துக்காரருக்குத்தான் போக வேண்டும்.