மலைமுகட்டில் ஒட்டிய ஆள்: ஒப்பாசிட்டியா, சாலிட் கலரா, கர்வ்ஸா?

கொடைக்கானல் பக்கம் பகலில் எடுத்த மலைப்படம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அதன் இரண்டாவது முகட்டில், கிட்டத்தில் நின்று எடுத்த ஒருவரை ஃபோட்டோஷாப்பில் வெட்டி வைக்கிறோம். அளவு சரியாக இருந்தாலும் ஸ்டிக்கர் மாதிரி துருத்திக்கொண்டு நிற்பார். காரணம், அவருடைய கறுப்பு. தூரத்தில் அப்படிக் கறுப்பு கிடையாது. இடையில் உள்ள காற்று வெளிச்சத்தைச் சிதறடித்து நிழல்களைத் தூக்கிவிடும், அதிலும் நீலத்தைக் கூடுதலாக.

பலரும் முதலில் ஆளின் ஒப்பாசிட்டியைத்தான் குறைப்பார்கள். பின்னால் வெறும் மூட்டம் மட்டும் இருந்தால் இது போதும். ஆனால் முகட்டின் கோடு அவர் இடுப்புக்குப் பின்னால் போனால் உடம்புக்குள்ளும் அது தெரியும். ஆவி வந்து நின்ற கதைதான். டீஹேஸ் ஸ்லைடரை மைனஸில் இழுத்தால் மங்கும், சரி. ஆனால் எந்த நிறத்தில் மங்க வேண்டும் என்பது நம் கையில் இல்லை.

சாலிட் கலர் இதைவிட நல்ல வழி. தூரத்து மூட்டத்தின் நிறத்தை ஐட்ராப்பரில் எடுத்து, ஆளின் லேயரோடு கிளிப் செய்து, ஒப்பாசிட்டியைக் கூட்டிக்கொண்டே வரலாம். அவசர வேலைக்கு இதையே சொல்வேன். குறை ஒன்றுதான்: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒரே விகிதம்.

நம் படத்தில் மூட்டத்தின் நிறம் அதே வரிசையில் 190, 205, 222. ஆள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துப் புதரின் ஆழ்ந்த நிழல் 62, 74, 92. நிழலை மூட்டத்தால் வகுத்துப் பார்த்தால் சிவப்பில் 33, பச்சையில் 36, நீலத்தில் 41 விழுக்காடு வருகிறது. சாலிட் கலரை 36-இல் வைத்தால் கறுப்பு 68, 74, 80 ஆகும். நீலம் போதவில்லை, சிவப்பு கொஞ்சம் மிஞ்சுகிறது.

கர்வ்ஸில் ஒவ்வொரு நிறத்தையும் தனியாகத் திறக்கலாம். இடது முனையின் அவுட்புட்டில் 62, 74, 92 கொடுங்கள். வலது முனையை விட்டுவிடக் கூடாது; அதே விகிதங்களில் வெள்ளையோடு மூட்டத்தைக் கலந்தால் வரும் 234, 237, 241-க்கு அதை இறக்குங்கள். இல்லாவிட்டால் சட்டையின் வெள்ளை மட்டும் கிட்டத்து வெள்ளையாகவே பளிச்சிடும். நேரம் இருந்தால் நான் கர்வ்ஸைத்தான் எடுப்பேன்.

சரியா என்று பார்க்க, சேனல்ஸ் பேனலில் நீலத்தை மட்டும் திறங்கள். மூட்டம் அதிகம் ஏறும் சேனல் அது. பேன்ட்டின் நிழல் பக்கத்துப் புதர் நிழலைவிடக் கறுப்பாகத் தெரிந்தால் நீல முனையை இன்னும் ஏற்ற வேண்டும். அப்புறம் சிவப்பையும் அப்படியே பாருங்கள்.

சூரிய உதயப் படத்தில் இந்த எண்கள் உதவாது. சூரியன் இருக்கும் திசையில் மூட்டமே ஆரஞ்சாக இருக்கும், எதிர்ப்பக்கம் நீலமாக இருக்கும். அங்கே மூட்டத்தின் நிறத்தை ஆள் நிற்கும் திசையிலிருந்தே எடுக்க வேண்டும். நிழலை அவர் நிற்கும் அதே தூரத்திலிருந்து எடுக்க வேண்டும்.