கணவன் மனைவிக்கு வருமான வரி: ஒரே கணக்கா, தனித்தனிக் கணக்கா?

ஏப்ரல் பிறந்துவிட்டால் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் பைகளோடு ஆள்கள் வந்து நிற்பார்கள். தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாக இருந்து கணக்கு எழுதிய கை என்பதால், வருமான வரிப் படிவம் என்றால் என்னைத் தேடி வருகிறார்கள். பைக்குள் முதலாளி கொடுத்த இஏ படிவம், காப்புறுதிக் கடிதம், எழுத்து மங்கிப்போன ரசீதுகள் எல்லாம் இருக்கும். பத்துக் குடும்பங்களில் எட்டுக் குடும்பம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இரண்டு பேர் வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாமா? சேர்த்துக் காட்டினால் மனைவிக்கு 4,000 ரிங்கிட் கழிவு கிடைக்குமாமே?"

கிடைக்கும் என்பது உண்மை. அந்த 4,000-க்காக ஒரு குடும்பம் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. 2024-ஆம் மதிப்பீட்டு ஆண்டுக்கு நான் போட்டுக் கொடுத்த ஒரு கணக்கை அப்படியே எடுத்து வைக்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கத் தொகைகளைச் சற்று மாற்றியிருக்கிறேன்.

கணக்குப் போட வந்த தம்பி செம்பனை ஆலை அலுவலகத்தில் வேலை செய்கிறார். மாதம் 5,200 ரிங்கிட் சம்பளம், ஒரு மாத போனஸ். ஆண்டுக்கு 67,600. மனைவி பட்டணத்தில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறார். மாதம் 3,000, ஒரு மாத போனஸ். ஆண்டுக்கு 39,000. மகள் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படிக்கிறாள். மகனுக்கு 15 வயது.

முதலில் தம்பியின் கழிவுகள். ஒவ்வொருவருக்கும் உள்ள தனிநபர் கழிவு 9,000. சேமநிதிக்கு அவர் சம்பளத்தில் 7,436 ரிங்கிட் பிடித்திருக்கிறார்கள். இஏ படிவத்திலும் அந்தத் தொகைதான் இருக்கிறது. ஆனால் கழிவாக எடுத்துக்கொள்ளும் உச்சம் 4,000 மட்டுமே. தாளில் கணக்குப் போடுகிறவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான். முழு 7,436-ஐயும் கழித்துவிட்டு, "ஏன் எனக்கு வரி இவ்வளவு வருகிறது?" என்று கேட்பார்கள். ஆயுள் காப்புறுதி 2,400, சொக்சோவுக்கு உச்சமான 350, வீட்டு இணையக் கட்டணமும் புத்தகங்களும் சேர்ந்து வாழ்க்கைமுறைக் கழிவு 1,250. மொத்தம் 17,000. பிள்ளைகளைச் சேர்க்கும் முன் அவருடைய வரிக்குரிய வருமானம் 50,600.

மனைவிக்குத் தனிநபர் கழிவு 9,000, சேமநிதி 4,000, காப்புறுதி 1,200, சொக்சோ சுமார் 250, வாழ்க்கைமுறை 550 என்று 15,000 வருகிறது. மிச்சம் 24,000.

பிள்ளைகளுக்கு 10,000. மகனுக்கு 2,000. மகள் 18 வயதைத் தாண்டி உள்நாட்டில் முழுநேர டிப்ளோமா படிப்பதால் 8,000. அவள் எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன் படித்திருந்தால் 2,000-தான் கிடைக்கும். ஒரு பிள்ளையை அப்பா, அம்மா இருவருமே தங்கள் படிவத்தில் காட்டக் கூடாது. யாராவது ஒருவர்தான்.

2023-ஆம் மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடப்பிலுள்ள விகிதங்களில் நமக்குத் தேவையான படிகள் இவை:

| வரிக்குரிய வருமானம் (ரிங்கிட்) | இந்தப் படிக்கான விகிதம் | படியின் முடிவில் மொத்த வரி |
|---|---|---|
| முதல் 5,000 | 0% | 0 |
| 5,001 – 20,000 | 1% | 150 |
| 20,001 – 35,000 | 3% | 600 |
| 35,001 – 50,000 | 6% | 1,500 |
| 50,001 – 70,000 | 11% | 3,700 |
| 70,001 – 100,000 | 19% | 9,400 |

ஒரு படி ஏறிவிட்டால் முழு வருமானத்துக்கும் அந்த விகிதம் என்று பயப்பட வேண்டாம். 50,600 என்றால் 50,000 வரை 1,500 ரிங்கிட். மேலே உள்ள 600-க்கு மட்டும் 11 விழுக்காடு, அதாவது 66 ரிங்கிட். இதோடு இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வரிக்குரிய வருமானம் 35,000-ஐத் தாண்டாதவருக்கு, போட்டு முடித்த வரியிலிருந்து 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு. கழிவு வருமானத்தைக் குறைக்கும். தள்ளுபடி வரியையே குறைக்கும்.

இப்போது மூன்று வழிகளையும் பார்ப்போம்.

முதல் வழி, அவர் மனைவியான தங்கை ஆசைப்பட்ட வழி. "அண்ணா, பிள்ளைகளை என் பேரிலேயே போடுங்கள். பள்ளிச் செலவெல்லாம் நான்தான் பார்க்கிறேன்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். தனித்தனியாக மதிப்பிட்டு இரண்டு பிள்ளைகளையும் அவர் பேரில் போட்டால் அவருடைய வரிக்குரிய வருமானம் 14,000 ஆகிறது. வரி 90 ரிங்கிட், தள்ளுபடியில் அதுவும் போய்விடும். தம்பிக்கு 1,566. வீட்டுக்கு மொத்தம் 1,566.

இரண்டாவது வழியிலும் மதிப்பீடு தனித்தனிதான். பிள்ளைகள் தம்பி பேரில். அவருடைய வரிக்குரிய வருமானம் 40,600-க்கு இறங்குகிறது. வரி 600-உம் 5,600-க்கு 6 விழுக்காடான 336-உம் சேர்ந்து 936. தங்கைக்கு 24,000-க்கு வரி 270. 400 தள்ளுபடி இருப்பதால் அவர் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. வீட்டுக்கு மொத்தம் 936.

அதே பிள்ளைகள், அதே கழிவு, 630 ரிங்கிட் வித்தியாசம். தங்கையின் வரி எப்படியும் தள்ளுபடியில் கரைந்துவிடுகிறது. அங்கே கொண்டுபோய் வைத்த 10,000 கழிவும் வீண். தம்பியிடம் வைத்தால் அதே கழிவு முதலில் 11 விழுக்காட்டுப் படியில் இருக்கும் 600-ஐயும், பிறகு 6 விழுக்காட்டுப் படியில் 9,400-ஐயும் கரைக்கிறது. மகளை அப்பா பேரிலும் மகனை அம்மா பேரிலும் பிரித்துப் போட்டால் 1,056 வரும். அதிலும் லாபமில்லை.

மூன்றாவது வழி, எல்லோரும் கேட்கும் கூட்டு மதிப்பீடு. தங்கையின் 39,000 தம்பியின் கணக்கில் ஏறி மொத்தம் 106,600 ஆகிறது. மனைவிக்கான 4,000 கழிவு வருகிறது. அதற்குப் பதிலாகத் தங்கையின் 9,000 தனிநபர் கழிவு போய்விடுகிறது. சேமநிதிக்கு இருவருக்கும் சேர்த்தே 4,000-தான் உச்சம். காப்புறுதி இருவருடையதும் 3,600 வந்தாலும் 3,000-க்கு மேல் எடுக்க முடியாது. சொக்சோ 350, வாழ்க்கைமுறை 1,800, பிள்ளைகளுக்கு 10,000 என்று எல்லாவற்றையும் கூட்டினாலும் கழிவு 32,150-தான் தேறுகிறது. வரிக்குரிய வருமானம் 74,450. வரி 3,700-உம் 4,450-க்கு 19 விழுக்காடான 845.50-உம் சேர்ந்து 4,545.50 ரிங்கிட்.

936 எங்கே, 4,545.50 எங்கே! தம்பியின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த வரி ஆண்டுக்கு 1,155. இரண்டாவது வழியில் வருமான வரி வாரியம் அவருக்கு 219 ரிங்கிட் திருப்பித் தர வேண்டும். மூன்றாவது வழியைத் தேர்ந்திருந்தால் அவர் இன்னும் 3,390.50 கட்ட வேண்டியிருக்கும். தாளைப் பார்த்துவிட்டு அந்தத் தம்பி ஒரு நிமிடம் பேசவே இல்லை. முந்தின ஆண்டு எப்படிக் காட்டினார்கள் என்று கேட்டேன். நல்ல வேளையாக அப்போது தங்கைக்கு வேலை இல்லை.

கூட்டு மதிப்பீடு ஏன் இப்படி அடிக்கிறது என்றால், தனித்தனியாக இருக்கும்போது இரண்டு பேரும் ஏணியின் அடிப்படியிலிருந்து ஏறுகிறார்கள். 0, 1, 3 விழுக்காட்டுப் படிகள் இருவருக்கும் கிடைக்கின்றன. சேர்த்துவிட்டால் மனைவியின் சம்பளம் கணவன் நிற்கும் படிக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது.

அப்படியானால் கூட்டு மதிப்பீட்டால் யாருக்குமே பயனில்லையா? உண்டு. அதே வாரத்தில் வந்த ஒரு லாரி ஓட்டுநருக்கு நானே அதைத்தான் செய்துகொடுத்தேன். அவருடைய கழிவெல்லாம் போக வரிக்குரிய வருமானம் 35,800. மனைவி பாலர் பள்ளியில் இரண்டு மாதம் மட்டும் உதவியாளராக இருந்து 3,000 ரிங்கிட் வாங்கியிருந்தார். தனித்தனியாகக் காட்டினால் மனைவிக்கு வரி இல்லை, அவருக்கு 648. 35,000-ஐத் தாண்டிவிட்டதால் தள்ளுபடி கிடையாது. சேர்த்துக் காட்டினால் 3,000 ஏறி 4,000 இறங்குகிறது; வரிக்குரிய வருமானம் 34,800. வரி 594. இப்போது அவருக்கு 400 தள்ளுபடி, மனைவிக்கான கழிவு எடுத்திருப்பதால் இன்னும் ஒரு 400. கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

ஆகவே நான் முதலில் பார்ப்பது குறைந்த சம்பளக்காரரின் ஆண்டு வருமானத்தை. அது 4,000-க்கும் கீழே இருந்தால் கூட்டு மதிப்பீட்டைப் போட்டுப் பார்ப்பேன். சற்று மேலே இருந்தாலும், அவர் கட்டிய காப்புறுதி போன்றவை கணவன் கணக்கில் இடமிருந்து உள்ளே போகுமானால் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. ஆண்டு முழுக்க வேலை பார்த்தவரின் சம்பளம் என்றால் தனித்தனிதான். அங்கே எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த 35,000 எல்லையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தம்பியின் கணக்கில் ஒரு வருத்தம் மிஞ்சியது. 35,000-இல் நிற்பவருக்கு வரி 600, தள்ளுபடி போக 200. ஒரு ரிங்கிட் கூடினால் தள்ளுபடி முழுதும் போய் 600.06. தம்பி 40,600-இல் நின்றார். அந்த ஆண்டு டிசம்பருக்குள் மகன் பேரில் எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்பில் 5,600 போட்டிருந்தால் அவரும் 35,000-க்கு வந்திருப்பார். 936 கட்டும் இடத்தில் 200 கட்டியிருப்பார். 736 ரிங்கிட் மிச்சம், சேமிப்பும் பிள்ளையின் பேரில் அப்படியே இருந்திருக்கும். அந்தக் கழிவின் உச்சம் ஆண்டுக்கு 8,000. போட்டதிலிருந்து அதே ஆண்டில் எடுத்ததைக் கழித்து மிஞ்சுவதுதான் கணக்கு. டிசம்பரில் போட்டு அந்த மாதமே எடுத்தால் ஒன்றும் கிடைக்காது. ஏப்ரலில் என்னிடம் வரும்போது ஆண்டு முடிந்துபோயிருக்கிறது. அதனால்தான் இந்த ஆண்டு நவம்பரில் சம்பளச் சீட்டுகளோடு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறேன்.

தாக்கல் செய்யும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். கூட்டு மதிப்பீடு என்றாலும் இருவருமே தனித்தனியாக பிஇ படிவம் அனுப்ப வேண்டும். மதிப்பீட்டு வகையை இரண்டு படிவத்திலும் ஒன்றுக்கொன்று முரணில்லாமல் குறிக்க வேண்டும். தாள் படிவத்துக்கு ஏப்ரல் 30, மின் தாக்கலுக்கு மே 15 வரை அவகாசம். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெப்பத்தாளில் அடித்த கடை ரசீது ஒரே ஆண்டில் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே நகலெடுத்து இஏ படிவத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். தங்கை இப்போது பிள்ளைகளின் பள்ளி ரசீதுகளோடு அதையும் ஒரே கோப்பில் வைக்கிறார்.