புளிக்குழம்பு வைக்க எது: பித்தளையா, வெண்கலமா?

கறுத்துப்போன பித்தளைச் சொம்பைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் கொஞ்ச நேரத்தில் பளிச்சென்று ஆகிவிடும். தேய்த்து வழிந்த தண்ணீரைப் பாருங்கள். கலங்கலாக, சில சமயம் பச்சையோடி இருக்கும். புளியின் அமிலம் மேலே படிந்த கறையோடு கொஞ்சம் உலோகத்தையும் கரைத்துக்கொண்டு வந்துவிட்டது. அதே புளியைக் கரைத்து அதே பாத்திரத்துக்குள் ஊற்றி இருபது நிமிடம் கொதிக்கவிட்டால், கரைந்தது எல்லாம் குழம்பில் இருக்கும்.

ஆகவே பூச்சில்லாத பித்தளையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. புளிப்பில் இரண்டுமே கரையும். அமெரிக்காவின் உணவு விதிகள் புளிப்பை அளக்கும் pH எண் 6-க்குக் கீழே உள்ள எந்த உணவையும் செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் படவிடக் கூடாது என்கின்றன. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். தக்காளியும் தயிரும் 4-க்குப் பக்கத்தில் நிற்கின்றன. புளிக்கரைசல் அதற்கும் கீழே. நம் வீட்டுப் புளிப்பு எதுவுமே அந்த 6-ஐ எட்டாது. சாதம், வெண்பொங்கல் என்றால் கதை வேறு.

மிச்சம் இருக்கும் போட்டியாளர்கள் இரண்டு: உள்ளே ஈயம், அதாவது வெள்ளீயம், பூசிய பித்தளை ஒன்று; வெண்கலம் இன்னொன்று. கடையில் கேட்டால், "வெண்கலத்துக்கு ஈயமே வேண்டாம்மா, எது வேணா வைக்கலாம்" என்பார்கள். அதில் பாதிதான் உண்மை.

நல்ல வெண்கலத்தில் நூற்றுக்குச் சுமார் 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். துத்தநாகம் இல்லாததாலும் வெள்ளீயம் நிறைய இருப்பதாலும் புளிப்பு இதை மெதுவாகத்தான் அரிக்கும். ஆனால் முக்கால் பங்குக்கு மேல் செம்பு என்பதை மறக்கக் கூடாது. கொதித்து இறக்கும் நேரத்தைத் தாங்கும். ராத்திரி முழுக்க ஊறுவதைத் தாங்காது. குழம்பு நின்ற மட்டத்தில், காற்றும் புளிப்பும் சேரும் இடத்தில், பச்சையாக ஒரு வளையம் விழும். அதுதான் களிம்பு. வாயில் வைத்தால் நாக்கின் ஓரத்தில் செம்பு வாடை அடிக்கும். அந்தச் சுவை தெரிந்தால் சூடுபடுத்திச் சமாளிக்கப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். கரைந்த செம்பு கொதித்தாலும் போகாது. அதிகம் உள்ளே போனால் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி வரும்; மருத்துவரிடம் போகும்போது எந்தப் பாத்திரத்தில் சமைத்தீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஈயம் பூசிய பித்தளை இதற்கு நேர்மாறு. பூச்சு முழுசாக இருக்கும்வரை குழம்பு தொடுவது வெள்ளீயத்தை மட்டுமே. கல்யாணச் சமையலில் சாம்பாரும் ரசமும் அண்டாவில் கொதித்தது இந்த நம்பிக்கையில்தான். இதன் பலவீனம் புளிப்பல்ல, சூடு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுப் பெருங்காயம் தேடப் போனால் அந்தச் சூடு சீக்கிரமே வந்துவிடும். பூச்சு முத்துமுத்தாகத் திரண்டு அடியில் மஞ்சள் பித்தளை தெரியும். ஈயச்சொம்பில் ரசம் வைப்பவர்கள் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் ஏற்றாததும், தாளிப்பை இரும்புக் கரண்டியில் தனியாகச் செய்து கொட்டுவதும் இதனால்தான். அந்தச் சொம்போ முழுக்க ஈயம், உருகினால் ஓட்டையே விழும்.

நாலு பேருக்கு ஓர் எலுமிச்சையளவு புளி கரைத்து வத்தக்குழம்பு வைப்பதாக வைத்துக்கொள்வோம். ஈயம் பூசிய பாத்திரத்தில் முதலில் புளிக்கரைசலை ஊற்றி, பொடியும் உப்பும் போட்டு, அடியை மட்டும் தொடும் தீயில் கொதிக்கவிட வேண்டும். நல்லெண்ணெயில் சுண்டைக்காய் வற்றலை வறுப்பது வேறு வாணலியில். கிளற மரக்கரண்டி. வெண்கலத்திலோ எண்ணெய் ஊற்றித் தாளிக்கலாம், வறுக்கலாம், பூச்சு உருகும் பயமில்லை. ஆனால் நன்றாகக் காய்ந்த வெண்கலத்தில் குளிர்ந்த புளித்தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விட வாய்ப்புண்டு, ஏனென்றால் வெள்ளீயம் கூடிய வெண்கலம் உறுதியானது என்றாலும் நொறுங்கும் குணம் உள்ளது. தீயைத் தணித்து, புளியை வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். பச்சை வாசனை போனதும் இறக்கி, உடனே எவர்சில்வருக்கோ பீங்கானுக்கோ மாற்றிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், தினசரி புளிப்புச் சமையலுக்கு ஈயம் பூசிய பித்தளையே மேல், அதுவும் பூசித் தர ஆள் கிடைக்கும் ஊரில் இருந்தால். கிடைக்காதவர்கள் வெண்கலப் பானையைப் பொங்கலுக்கும் அரிசி உப்புமாவுக்கும் வைத்துக்கொண்டு, குழம்பைக் கல்சட்டிக்கு விட்டுவிடலாம். அந்தக் காலத்துச் சமையலறையும் ஏறக்குறைய இப்படித்தான் பிரித்து வைத்திருந்தது.

இரண்டுக்கும் பொதுவான ஆபத்து காரீயம். பூசுபவர் விலை குறைவு என்று வெள்ளீயத்தில் காரீயம் கலந்தாலும், பழைய உலோகத்தை உருக்கி வார்த்த பாத்திரத்தில் அது கலந்திருந்தாலும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெளிநாடுகளிலிருந்து இறக்குமதியாகும் சில பித்தளை, அலுமினியப் பாத்திரங்களிலிருந்து காரீயம் கசியலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 டிசம்பரில் எச்சரித்தது. தட்டிப் பார்த்தால் மணிபோல் நீண்டு ஒலிக்கிறதா என்ற சோதனை வெண்கலத்தைப் பித்தளையிலிருந்து பிரிக்க உதவும். காரீயம் இல்லை என்று சொல்லாது. அதை ஆய்வகத்தில்தான் பார்க்க முடியும். பூசக் கொடுக்கும்போது வெள்ளீயக் கட்டியை நம்பகமான இடத்தில் நாமே வாங்கிக் கொடுப்பது நல்லது. பட்டறையில் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயத்தைத் தேய்த்துப் பஞ்சால் பரப்புவார்கள். அப்போது கிளம்பும் வெள்ளைப் புகையில் நிற்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டுச் சமையலைத் தொடங்கலாம்.

துலக்குவதில்தான் நிறையப் பேர் பூச்சைக் கெடுத்துக்கொள்கிறார்கள். புளியும் உப்பும் வெளிப்பக்கத்துக்கு. உள்ளே ஈயம் பூசிய பக்கத்தை வெந்நீரில் ஊறவைத்து, மென்மையான துணியும் பாத்திர சோப்பும் போட்டுக் கழுவினால் போதும். கம்பி நார், சாம்பல், செங்கல்தூள் எல்லாம் பூச்சைச் சுரண்டிவிடும். பூச்சு நாளடைவில் மங்கிச் சாம்பல் நிறமாவது இயல்பு, அதைத் தேய்த்து வெளுக்க வேண்டாம். மஞ்சளாகவோ சிவப்பாகவோ அடி தெரிந்தால் மட்டும் மறுபடி பூசக் கொடுக்க வேண்டும், அதுவரை அதில் புளிப்பு கூடாது.

வெண்கலத்துக்கு உள்ளேயும் புளி போட்டுத் தேய்க்கலாம். ஆனால் தேய்த்த கையோடு அலம்பி, உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். உப்பு ஈரம் ஒட்டியிருந்தால் மறுநாளே பச்சை பூக்கும். வெளிப்பக்கம் பளபளக்க வேண்டும் என்று பித்தளையை ராத்திரி முழுக்கப் புளித்தண்ணீரில் ஊறப்போடும் வழக்கமும் வேண்டாம். துத்தநாகம் மட்டும் கரைந்துபோய் அங்கங்கே செம்பு நிறத் திட்டுகள் விழும். அந்த இடம் உள்ளுக்குள் பஞ்சுபோல் பொத்தலாகி வலுவிழந்திருக்கும். விளக்குக்கு வாங்கும் பாலிஷ் திரவத்தைச் சமையல் பாத்திரத்தின் உட்புறம் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

புளிப்பில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பூச்சில்லாத பித்தளையில் கைக்குழந்தைக்குப் பால் காய்ச்சவோ வைக்கவோ கூடாது. 1980-களில் புனே வட்டாரத்தில் குழந்தைகளின் கல்லீரல் சுருக்க நோயை ஆராய்ந்த மருத்துவர்கள் அதைப் பித்தளைப் பாத்திரத்துப் பாலோடு சேர்த்துப் பார்த்தார்கள். பாலிலுள்ள புரதம் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சுவையிலும் தெரியாது.