அட்டவணைக்குப் பின் ஒட்டிக்கொள்ளும் வெற்றுப் பக்கம்: எந்த வழி நிற்கும்?

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் ஒரு கடையின் மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். தேதி, ஷீட் எடை, ஒட்டுப்பால் எடை, விலை, தொகை என்று ஐந்து நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை. இரண்டாம் பக்கத்தின் அடிவரை வந்து, மொத்தத் தொகையோடு முடிகிறது. ஆனால் வேர்டு மூன்றாவதாக ஒரு பக்கத்தைக் காட்டுகிறது. அதில் ஒரு எழுத்தும் இல்லை. பக்கத்தின் அடியில் "1 / 3" என்று அச்சாகிறது. வாங்குபவர் மூன்றாம் தாள் எங்கே என்று கேட்பார்.

Backspace, Delete இரண்டும் இங்கே பயன்படாது. ஆவணம் அட்டவணையோடு முடிவதை வேர்டு அனுமதிப்பதில்லை. அதற்குப் பின் ஒரு வெற்றுப் பத்தி இருந்தே தீர வேண்டும். அட்டவணை பக்கத்தை நிரப்பிவிட்டால் அந்தப் பத்தி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது. Ctrl+Shift+8 அழுத்தினால் மூன்றாம் பக்கத்தில் ¶ குறி தனியாக நிற்பது தெரியும். அங்கே "Section Break" என்று எழுதியிருந்தாலோ, அட்டவணையின் வரிசையே வழிந்து வந்திருந்தாலோ நோய் வேறு. கீழே சொல்வது அதற்கு மருந்தாகாது.

பலரும் முதலில் செய்வது, அச்சிடும்போது Pages கட்டத்தில் 1-2 என்று கொடுப்பதுதான். தாள் மிச்சம், அவ்வளவே. பக்கத்தின் அடியில் வரும் Footer அப்போதும் "2 / 3" என்றே சொல்லும். இதை வழி என்று நான் கணக்கில் எடுப்பதில்லை.

என் கணக்கில் முதலிடம் பத்தியைச் சுருக்குவதற்கு. ¶ குறியைத் தேர்ந்தெடுத்து, எழுத்தளவுக் கட்டத்தில் 1 என்று தட்டி Enter அழுத்த வேண்டும். பெரும்பாலும் பக்கம் உடனே மறையும். மறையவில்லை என்றால் எழுத்தளவைக் குறை சொல்லாமல் Paragraph பெட்டியைத் திறந்து பாருங்கள். Line spacing என்பதில் Exactly 18 pt என்று இருந்தால், எழுத்து எவ்வளவு சிறுத்தாலும் வரி 18 புள்ளி உயரத்திலேயே இருக்கும். அதை Single ஆக்கி, Before, After இரண்டையும் 0 ஆக்கினால் சரியாகும். தமிழ் எழுத்துருக்களில் நிர்மலா, லதா போன்றவற்றுக்கு வரி உயரம் கூடுதல் என்பதால், சாதாரண அளவில் விட்ட வெற்றுப் பத்தி இங்கே சற்று அதிகமாகவே இடம் பிடிக்கும்.

இந்த வழிக்கு ஒரு பின்விளைவு உண்டு. அடுத்த மாதம் வரிசைகள் குறைந்து அட்டவணைக்குக் கீழே இடம் கிடைக்கிறது. கடைப் பையன் அங்கே "கையொப்பம்" என்று தட்டுகிறான். எழுத்து தூசியாய்த் தெரியும், கணினி பழுதென்று நினைப்பான். கையொப்பத்துக்கு அட்டவணையிலேயே கோடில்லாத கடைசி வரிசை ஒன்றை ஒதுக்கிவிடுவது நல்லது.

அதற்குப் போட்டி, பத்தியை மறைப்பது. ¶ குறியைத் தேர்ந்தெடுத்து Ctrl+D, அதில் Hidden. பார்க்கச் சுத்தமான வேலை. ஆனால் ¶ குறிகளைக் காட்டும் வசதி இயங்கும்வரை வெற்றுப் பக்கம் திரையில் திரும்பி வந்து நிற்கும். File > Options > Display பகுதியில் Print hidden text என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கும் கணினியில் அச்சிலும் வரலாம். கோப்பை மார்த்தாண்டத்தில் வேறு கடைக்குக் கொண்டுபோய் அச்செடுப்பவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். சொந்தக் கணினியில் தட்டி, சொந்த அச்சுப்பொறியில் எடுப்பவருக்குப் பிழையில்லை.

மூன்றாவது, கீழ் ஓரத்தைக் குறைப்பது. வழக்கமான 2.54 சென்டிமீட்டரை 2.2 ஆக்கினால் பத்தி மேலேறிவிடும். ஆனால் மாற்றம் கடைசிப் பக்கத்தோடு நிற்காது. அந்தப் பிரிவின் எல்லாப் பக்கங்களும் நகரும், முதல் பக்கத்தின் அடியில் எந்தத் தேதி நிற்கிறது என்பதே மாறும். Footer இரண்டு மூன்று வரி இருந்தால் அதுவே உள்ளடக்கத்தை மேலே தள்ளி நிறுத்தும். ஓரத்தைக் குறைத்தும் பலன் தெரியாது.

இந்த ரப்பர் கணக்குக்கு நான் தேர்வது பத்தியைச் சுருக்குவதுதான். ஒரு நிலையில் மட்டும் அதுவும் போதாது: கடைசிக் கோடு பக்கத்தின் எல்லையை ஒட்டி நிற்கும்போது, 1 புள்ளி வரிக்கும் இடமிருக்காது. அப்போது அட்டவணை வரிசைகளின் உயரத்தைத் தொட வேண்டும். அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்தால் வரும் Layout தாவலில் உயரத்தை 0.6 சென்டிமீட்டரிலிருந்து 0.58 ஆக்கினாலே, முப்பது வரிசையில் 0.6 சென்டிமீட்டர் மிஞ்சும். செல்லுக்குள் இருக்கும் எழுத்தே அந்த உயரத்தைக் கேட்டால் எண்ணை மாற்றியும் வரிசை அசையாது. அப்போது எழுத்தளவை அரைப் புள்ளி குறைக்க வேண்டியிருக்கும்.