ஹீமோகுளோபின் ஒன்று, ரத்தசோகை இரண்டு

பிறையில் இருக்கும் சித்திக்கும் ஜார்ஜ்டவுனில் இருக்கும் அத்தைக்கும் ஒரே மாதத்தில் ரத்தப் பரிசோதனை. இருவருக்கும் ஹீமோகுளோபின் 9.4. ரத்தத்தில் ஓடும் இரும்பும் இருவருக்கும் குறைவு. "ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே, அவ மாத்திரையையே நானும் போட்டுக்கிறேன்" என்றார் அத்தை. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் எனக்கு அதைக் கேட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அறிக்கையில் ஃபெரிட்டின் வரியைக் காட்டினேன். சித்திக்கு 6, அத்தைக்கு 240.

ஃபெரிட்டின் என்பது அணுக்கள் இரும்பைப் பூட்டி வைக்கும் புரதம். சித்தியின் இருப்பு துடைத்து எடுத்தாற்போல் காலி. வருடக்கணக்கில் மாதவிடாயில் அதிகம் போன ரத்தம்தான் காரணம். அத்தைக்கு முடக்குவாதம், மூட்டுகள் வீங்கியே இருக்கின்றன. அவர் உடம்பில் இரும்பு இருக்கிறது, வெளியே வரவில்லை.

ஏன் வரவில்லை? புதிய சிவப்பணுக்களுக்கு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். குடல் உறிஞ்சித் தருவது 1 முதல் 2 மில்லிகிராம்தான். மீதி எல்லாம் பழைய இரும்பு: ஆயுள் முடிந்த சிவப்பணுக்களை மண்ணீரலில் உள்ள மேக்ரோபேஜ் அணுக்கள் விழுங்கி, இரும்பைப் பிரித்துத் திருப்பித் தருகின்றன. குடலானாலும் மேக்ரோபேஜ் ஆனாலும் இரும்பு வெளியேற ஒரே வாசல், ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம். கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் அந்த வாசலையே அழித்துவிடும். சித்திக்கு ஹெப்சிடின் அடங்கிக் கிடக்கிறது, வாசல் திறந்திருக்கிறது. அத்தைக்கு அழற்சி கல்லீரலைத் தூண்டிக்கொண்டே இருப்பதால் ஹெப்சிடின் ஏறி, இரண்டு பக்கமும் அடைபட்டுவிட்டது. அவர் விழுங்கும் மாத்திரையிலிருந்து குடல் அணுவுக்குள் போகும் இரும்பும் பெரும்பாலும் அங்கேயே தங்கி, அந்த அணு உதிரும்போது மலத்தோடு போய்விடும்.

ஃபெரிட்டினை மட்டும் நம்பவும் கூடாது. அழற்சி வந்தாலே அது ஏறும். அதனால் முடக்குவாதக்காரருக்கு 60 என்று வந்தாலும் உள்ளே பற்றாக்குறை ஒளிந்திருக்கலாம். எனக்கு அதிகம் உதவுவது, இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின். பற்றாக்குறையில் கல்லீரல் இந்த வண்டிகளைக் கூடுதலாகச் செய்யும், அழற்சியில் குறைத்துவிடும். சித்திக்கு வண்டி அதிகம், சரக்கு இல்லை. அத்தைக்கு வண்டியே குறைவு.

சித்திக்கு மருத்துவர் ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை கொடுத்தார். ஒரு வேளை இரும்பு போனாலே ஹெப்சிடின் சுமார் ஒரு நாளைக்கு உயர்ந்திருக்கும். மறுநாள் போடுவது சரியாக உறிஞ்சப்படாது. தே தாரேக்கை மாத்திரையோடு குடிக்கக் கூடாது என்று நான் சொன்னதுதான் அவருக்குப் பெரிய கஷ்டம். தேயிலையின் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ரத்தப்போக்குக்கும் தனியாக வைத்தியம் நடக்கிறது. அதை நிறுத்தாமல் மாத்திரை மட்டும் போட்டால் இருப்பு மறுபடி காலியாகும்.

அத்தைக்கு மூட்டு அழற்சிக்கான மருந்தை மாற்றினார்கள். மூன்று மாதத்தில் வீக்கம் வடிந்தது. இரும்பு மாத்திரை ஒன்றுகூடப் போடாமல் ஹீமோகுளோபின் 10.8.