பீஸ் ரேட்டா, மணிக் கூலியா? டி-ஷர்ட் லைனில் ஒரு வாரக் கணக்கு

பீஸ் ரேட் லாபமா, மணிக் கூலி லாபமா என்று பேச்சு வந்தால், "கை வேகமாக ஓடினால் பீஸ் ரேட்" என்பதுதான் உடனே வரும் பதில். அது பாதிதான் சரி. வாரக் கூலியைத் தூக்குவதும் இறக்குவதும் பெரும்பாலும் மெஷின் ஓடாமல் நின்ற நேரம்தான். ஒரே ஆள், ஒரே வேலை, ஒரே வாரம் என்று வைத்து இரண்டு முறையிலும் கணக்குப் போட்டால் இது தெளிவாகத் தெரியும்.

டி-ஷர்ட்டுக்கு ஓவர்லாக் மெஷினில் இரண்டு கையும் வைக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக மணிக் கூலி 60 ரூபாய், பீஸ் ரேட் 1 ரூபாய் என்று வைப்போம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள், மொத்தம் 48 மணி நேரம். மணிக் கூலியைப் பீஸ் ரேட்டால் வகுத்தால் 60 வருகிறது. மணிக்கு 60 பீஸ் தைத்தால் இரண்டும் சமம், அதற்கு மேல் தைத்தால் பீஸ் ரேட் முந்தும். உங்கள் யூனிட்டில் தொகை வேறாக இருந்தாலும் வகுக்கும் முறை இதேதான்.

நம் தையல்காரர் கைப்பழக்கம் உள்ளவர். ஸ்டைல் பழகிவிட்டால் மணிக்கு 75 பீஸ் தைப்பார். திங்கட்கிழமை புது ஸ்டைல் இறங்குகிறது.

| நாள் | புது பீஸ் ஓடாத நேரம் | பீஸ் | பீஸ் ரேட்டில் | மணிக் கூலியில் |
|---|---|---|---|---|
| திங்கள் | 1.5 மணி | 310 | 310 | 480 |
| செவ்வாய் | இல்லை | 450 | 450 | 480 |
| புதன் | இல்லை | 540 | 540 | 480 |
| வியாழன் | 2 மணி | 420 | 420 | 480 |
| வெள்ளி | இல்லை | 590 | 590 | 480 |
| சனி | 2.5 மணி (ஆல்ட்டர்) | 410 | 410 | 480 |
| மொத்தம் | 6 மணி | 2,720 | 2,720 | 2,880 |

மணிக்கு 75 பீஸ் தைக்கக் கூடியவர், சமப் புள்ளியைவிடக் கால் பங்கு வேகம் அதிகம் உள்ளவர், வாரக் கடைசியில் 160 ரூபாய் குறைவாக வாங்குகிறார். ஏன் என்று நாள்வாரியாகப் பார்த்தால் புரியும்.

திங்கள் காலையில் மெஷின் இடம் மாற்றி, நூல் கோத்து, தையல் இறுக்கம் சரிசெய்து, மாதிரி பீஸுக்கு ஒப்புதல் வாங்கும்போதே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. அதற்குப் பிறகும் கை பழகவில்லை. மணிக்கு 48 பீஸ்தான் ஓடியது. செவ்வாய் முழு நாளும் மெஷின் ஓடியும் மணிக்கு 56 தான். புதன்கிழமைதான் முதல் முறையாக 60-ஐத் தாண்டுகிறார். வியாழன் அன்று தோள் சேர்க்கிறவர் வராததால் இரண்டு மணி நேரம் தைக்க வேண்டிய துண்டுகளின் கட்டு, அதாவது பண்டில், வரவில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தும் பீஸ் ரேட்டில் அந்த நேரத்துக்குக் காசு இல்லை.

சனிக்கிழமைதான் கவனமாகப் பார்க்க வேண்டியது. வெள்ளி வரை தைத்த 2,310 பீஸில் 50 பீஸ் செக்கிங்கில் இருந்து ஆல்ட்டருக்குத் திரும்பி வருகின்றன. கேட்டால் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் ஓவர்லாக் தையலைப் பிரிப்பது, துணி இழுபடாமல் மறுபடி வைத்துத் தைப்பது என்று பீஸுக்கு 3 நிமிடம் ஆனால் 150 நிமிடம் போகிறது. அதே நேரத்தில் புதிதாக 185-க்கு மேல் தைத்திருக்கலாம். ஆல்ட்டருக்குப் பெரும்பாலும் தனிக் கூலி கிடையாது.

அந்த 50 பீஸும் தையல்காரர் தவறுதானா என்பதைப் பீஸைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். ஒரே சைஸில், ஒரே பண்டிலில் எல்லாக் கையிலும் மேல் வளைவில் துணி மிஞ்சிச் சுருக்கம் விழுந்திருந்தால் கட்டிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். கை ஒரு அளவிலும் உடல் துண்டு வேறு அளவிலும் வெட்டப்பட்டிருக்கும். முன் பக்கமும் பின் பக்கமும் மாறிக் கை வைத்திருந்தால், அதுவும் அங்கொன்று இங்கொன்றாகப் பல பண்டில்களில் இருந்தால், அது கைத் தவறு. தையல் விட்டு விட்டு ஓடியிருந்தால் ஊசி வளைந்திருக்கும், இல்லையென்றால் லூப்பர் ஊசியோடு பொருந்தாமல் ஓடும். தையல் ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டை தெரிந்தால் ஊசி முனை மழுங்கியிருக்கும், அல்லது பின்னல் துணிக்குப் பொருந்தாத ஊசி போட்டிருப்பார்கள். கட்டிங் தவறையும் மெஷின் கோளாறையும் தையல்காரர் நேரத்தில் கழிப்பது நியாயமே இல்லை. பண்டில் எண்ணோடு பிரித்துக் காட்டினால்தான் அதைப் பேசவே முடியும்.

இப்போது புது பீஸ் ஓடாத 6 மணி நேரத்துக்கு மட்டும் மணிக் கூலி போட்டால் 360 ரூபாய் சேர்ந்து 3,080 ஆகிறது. நேரக் கூலியைவிட 200 அதிகம். அதே கை, அதே பீஸ். நின்ற நேரத்தின் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

அதே ஸ்டைல் இரண்டாவது வாரமும் ஓடினால் படமே மாறிவிடும். பழகும் நாட்கள் இல்லை. மெஷின் நின்றது ஒன்றரை மணி நேரம் மட்டும் என்றால் 46.5 மணி நேரத்தில் 3,487 பீஸ். பீஸ் ரேட்டில் 3,487 ரூபாய், மணிக் கூலியில் அதே 2,880. அந்த வாரம் மணிக் கூலிக்காரர் ஒரு பீஸை 83 காசுக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறார். நேரக் கூலி யூனிட்களில் "மணிக்கு 75 டார்கெட்" என்று சூப்பர்வைசர் நெருக்கும்போது நடப்பது இதுதான்: வேகம் பீஸ் ரேட்டுக்கு உரியது, கூலி நேரத்துக்கு உரியது. இரண்டையும் இப்படிக் கலப்பதை மோசமான ஏற்பாடு என்றே சொல்வோம்.

ஆகவே, வாராவாரம் ஸ்டைல் மாறும் சின்ன ஆர்டர் யூனிட்டில் மணிக் கூலியே பாதுகாப்பு. ஒரே ஸ்டைல் மூன்று நான்கு வாரம் ஓடும் இடத்தில் பழகிய கைக்குப் பீஸ் ரேட் நல்லது. ஆனால் எல்லாரும் 75 தொட்டதும் அடுத்த ஆர்டரில் ரேட்டை 80 காசுக்கு இறக்கினால் மணிக்கு 75 தைத்தாலும் 60 ரூபாய்தான் வரும். வேகத்தின் பலன் முழுக்கப் போய்விடும்.

ஓவர்டைமையும் தனியாகப் பாருங்கள். இரட்டைக் கூலி தரும் இடத்தில் 2 மணி நேரத்துக்கு 240 ரூபாய். பீஸ் கணக்கில் ரேட்டை உயர்த்தாமல் விட்டால், களைத்த கை 130 பீஸ் தைத்து 130 ரூபாய்தான் பார்க்கும்.

சேரும்போதே "பண்டில் இல்லாத நேரம், மெஷின் பழுது, ஸ்டைல் மாற்றம் இதற்கெல்லாம் மணிக் கூலி உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். உண்டு என்றால் மெஷின் நின்ற நேரத்தையும் திரும்ப ஓடிய நேரத்தையும் அன்றன்றே சீட்டில் எழுதி சூப்பர்வைசர் கையெழுத்து வாங்க வேண்டும். சனிக்கிழமை கேட்டால் வியாழக்கிழமை நின்றது யாருக்கும் நினைவிருக்காது. சீட்டிலேயே பண்டில் எண், சைஸ், பீஸ் எண்ணிக்கையும் இருக்கட்டும். கட்டைப் பிரித்ததும் எண்ணிப் பாருங்கள். 20 என்று எழுதிய பண்டிலில் 19 இருந்தால், தைக்கத் தொடங்கும் முன்பே சொன்னால்தான் காணாமல் போன அந்த ஒரு பீஸ் உங்கள் கணக்கில் கழியாது.